மூன்று தவறுகளா, ஒரு கதையா: கிட்லேப் டேட்டா இழப்பை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால்

2017 ஜனவரி 31 அன்று இரவு, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் ஒரு டைரக்டரியை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து கட்டளையை நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. சரி, பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், வைத்திருந்த ஐந்து வழிகளில் எதுவுமே நம்பும்படி இயங்கவில்லை. நிறுவனம் இதை மூடி மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. பிறகு நடந்ததை மணிவாரியாக விவரித்து ஓர் அறிக்கையும் வெளியிட்டது.

பதிவுகளும் குறுங்காணொளிகளும் எழுதுபவர்களுக்கு இந்த அறிக்கை ஒரு நல்ல களம். ஒரே சம்பவத்தை ‘பேக்கப்பில் எல்லோரும் செய்யும் 3 தவறுகள்’ என்று எண் போட்டும் சொல்லலாம், ‘அந்த இரவு என்ன நடந்தது’ என்று கதையாகவும் சொல்லலாம். இரண்டும் ஒரே அளவுக்குப் பயன்படும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை. சம்பவத்தின் ஒரு பாதி பட்டியலாக மட்டும்தான் நிற்கிறது, மறுபாதி கதையாக மட்டும்தான் நிற்கிறது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் இந்த ஆய்வு.

வாசகர் யார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம். சிறிய குழு ஒன்றில் ஓர் இணையதளத்தையோ செயலியையோ பார்த்துக்கொள்பவர். பேக்கப் தானாக ஓடுகிறது என்று நம்புகிறவர். அவரிடம் ஒன்றரை நிமிடக் காணொளி ஒன்றும், நீளமான பதிவு ஒன்றும் போய்ச் சேர வேண்டும்.

எல்லோரும் எழுதும் பட்டியல்

இந்த அறிக்கையை வேகமாகப் படித்துவிட்டு ‘3 தவறுகள்’ என்று கவனத்தை இழுக்கும் தொடக்க வரியோடு, அதாவது ஹூக்கோடு, எழுதச் சொன்னால், பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

1. எந்த சர்வரில் இருக்கிறோம் என்று பார்க்காமல் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தது.
2. பேக்கப்பைச் சோதித்துப் பார்க்காதது.
3. இரவு நேரத்தில், நெருக்கடியில், அவசரமாக வேலை செய்தது.

மூன்றும் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் இது மோசமான பட்டியல். முதல் குறிப்பைப் படிக்கிறவர், “நான் அப்படிச் செய்ய மாட்டேன்” என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். தவறான சர்வரில் அழிக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடுவதில்லை. ‘செய்யாதீர்கள்’ என்று சொல்வதால் அவர் கையில் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. இரண்டாவது குறிப்பு ஒரு தலைப்பு மட்டுமே. அதற்குள் மூன்று வேறு வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன, அவற்றில் ஒன்றைக்கூட அது காட்டவில்லை. மூன்றாவது, எந்த விபத்துக்கும் பொருந்தும் வாக்கியம். எண்ணிக்கையை மூன்றாக்குவதற்காகச் சேர்த்தது என்பது பார்த்தாலே தெரியும்.

எண் ஹூக்கின் வேலை ஒரு வாக்குறுதி கொடுப்பது. ‘இத்தனை விஷயம் இருக்கிறது, ஒவ்வொன்றையும் நீங்கள் உங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், இத்தனையாவதில் முடிந்துவிடும்’ என்பது அந்த வாக்குறுதி. மேலே உள்ள பட்டியல் எண்ணிக்கையைக் காப்பாற்றுகிறது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும் எதையும் தரவில்லை.

இரண்டு குறிப்புகளுக்கு நடுவே எந்தச் சொல் வருகிறது

பட்டியலா கதையா என்று முடிவெடுக்க எனக்கு மிகவும் உதவுவது ஒரு எளிய சோதனை. குறிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் இணைப்புச் சொல்லைப் போட்டு வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘அப்புறம் இன்னொன்று’ என்பது இயல்பாக வந்தால் அது பட்டியல். ‘அதனால்’ என்று வந்தால் அது கதை. பட்டியலில் வரிசையை மாற்றினாலும் ஒன்றும் கெடாது, ஒன்றை உருவி எடுத்தாலும் மற்றவை நிற்கும். கதையில் ஒன்றை உருவினால் அடுத்தது காரணமில்லாமல் தொங்கும்.

முதலில் டேட்டா அழிந்த பகுதியை இந்தச் சோதனையில் வைப்போம்.

அன்று மாலை டேட்டாபேஸ் மீது சுமை ஏறியது. ஸ்பேம் கணக்குகள்தான் காரணம் என்று குழு சந்தேகப்பட்டது. அதனால் முதன்மை சர்வரிலிருந்து மாற்று சர்வருக்கு டேட்டா போய்ச் சேர்வது பின்தங்கியது. அதனால் மாற்று சர்வர் படித்து முடிப்பதற்குள், அதற்குத் தேவையான பதிவுக் கோப்புகளை முதன்மை சர்வர் நீக்கிவிட்டது. அதனால் மாற்று சர்வரில் இருப்பதை அழித்துவிட்டு முதலிலிருந்து நகலெடுக்க வேண்டி வந்தது. அதற்கான `pg_basebackup` கட்டளையைக் கொடுத்தால், அது எதையும் திரையில் காட்டாமல் அப்படியே நின்றது. அமைப்புகளை மாற்றி, மறுபடி ஓட்டியும் அதே மௌனம். அந்தக் கட்டளை முதன்மை சர்வர் டேட்டா அனுப்பத் தொடங்கும்வரை சத்தமில்லாமல் காத்திருக்கும், அது அதன் இயல்பு. அந்த விவரம் குழுவின் செயல்முறைக் குறிப்புகளில் இல்லை. அதனால், முந்தைய முயற்சிகளில் உருவான கோப்புகள் மாற்று சர்வரின் டைரக்டரியில் கிடப்பதுதான் தடை என்று பொறியாளர் நினைத்தார். அதனால் அந்த டைரக்டரியை அழிக்க முடிவெடுத்தார். அழிக்க வேண்டியது மாற்று சர்வரான `db2`-வில். கட்டளை ஓடியது முதன்மை சர்வரான `db1`-இல்.

ஒவ்வொரு மூட்டிலும் ‘அதனால்’ தானாக வந்து உட்காருகிறது. இதில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் கடைசிச் செயல் முட்டாள்தனமாகத் தெரியும். எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், கவனமான ஒருவர் நியாயமான படிகளில் நடந்து அந்த இடத்துக்கு வந்தார் என்பது புரியும். அழிப்பது என்ற முடிவு அந்த நேரத்தில் சரியாகவே தோன்றியிருக்கிறது. அது ஏன் சரியாகத் தோன்றியது என்பதில்தான் வாசகருக்குப் பாடம் இருக்கிறது: திரை மௌனமாக இருந்தால் பழுது என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. ‘தவறு 1’ என்று எண் போட்ட உடனே அந்தக் காரணம் உதிர்ந்துவிடும், மிஞ்சுவது ஒரு திட்டு மட்டும்.

இப்போது மறுபாதி, அதாவது பேக்கப் இல்லாமல் போனது. இங்கே ‘அதனால்’ போட்டுப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

தினமும் ஒருமுறை ஓட வேண்டிய `pg_dump` பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் மென்பொருளின் 9.6 பதிப்பில் ஓடியது, பேக்கப் எடுக்கும் நிரலோ 9.2. பதிப்பு பொருந்தாததால் அது பிழை காட்டி நின்றுவிட்டது. பிழை வந்தால் மின்னஞ்சல் போகும்படி அமைத்திருந்தார்கள்தான். ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறை அவற்றுக்கு இயக்கப்படாததால், பெறும் சர்வர் அந்த மின்னஞ்சல்களை ஏற்கவே இல்லை. பேக்கப் போய்ச் சேர வேண்டிய எஸ்3 சேமிப்பிடம் காலியாக இருந்தது. அப்புறம் இன்னொன்று: டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையை அப்படியே நகலாக்கி வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியை, அஷ்யூர் மேகச் சேவையில், கோப்பு சர்வர்களுக்கு இயக்கியிருந்தார்கள், டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கவில்லை. அப்புறம் இன்னொன்று: மாற்று சர்வர் இருந்தது, ஆனால் அன்று மறுபடி கட்டப்பட வேண்டிய நிலையில் அதுவே கிடந்தது.

இவற்றில் எது முதலில் வந்தாலும் ஒன்றும் மாறாது. ஒன்றை இன்னொன்று உண்டாக்கவில்லை. தனித்தனியாக, ஒருவர் கண்ணிலும் படாமல், ஒரே நேரத்தில் காத்திருந்த பழுதுகள் அவை. இதைக் கதையாக எழுத முயன்றால் ‘பிறகு அவர்கள் அதைத் தேடினார்கள், அதுவும் இல்லை, பிறகு இதைத் தேடினார்கள், இதுவும் இல்லை’ என்று ஒரே நடையில் போகும். பட்டியலாக எழுதினால் ஒவ்வொன்றும் வாசகரின் சர்வர் மீது வைத்துப் பார்க்கும் அளவுகோலாகிவிடுகிறது.

இந்த ஒரு சம்பவத்தைத் தாண்டியும் இந்தப் பிரிவு பிடிபடும் என்பது என் கருத்து. வாசகர் இப்போதே, தெரியாமல் செய்துகொண்டிருக்கக்கூடிய தவறு பட்டியலுக்கு உரியது. அவர் படித்துவிட்டு எழுந்து போய்ச் சரிபார்க்கலாம். இன்னும் நடக்காத, நடக்கும் நொடியில் சரியென்றே தோன்றப்போகிற தவறு கதைக்கு உரியது. அதைச் சரிபார்க்க இப்போது எதுவும் இல்லை. அந்த நொடியின் சூழலை முன்கூட்டியே காட்டி வைக்கத்தான் முடியும்.

ஐந்தா, மூன்றா

ஐந்து வழிகளில் ஒன்றும் நம்பும்படி இல்லை என்பது குழுவே தன் குறிப்புகளில் எழுதிய வாக்கியம். செய்திகளில் அது வேகமாகப் பரவியது. அந்த எண்ணை அப்படியே எடுத்து ‘5 பேக்கப்புகள் தோற்ற 5 காரணங்கள்’ என்று எழுதத் தோன்றும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

`pg_dump` தோற்றதும் எஸ்3 காலியாக இருந்ததும் இரண்டு பழுதுகளா? காரணத்தைப் பார்த்தால் ஒன்றுதான். பேக்கப் உருவாகவே இல்லை, ஆகவே அது போய்ச் சேரவும் இல்லை. தனித்தனி எண் கொடுத்தால், படிக்கிறவர் ஏதோ ஒரு கட்டத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். “2-உம் 5-உம் ஒன்றுதானே” என்று கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதினால் பட்டியலின் மற்ற எண்கள் மீதும் சந்தேகம் விழும். ‘அதனால்’ சோதனை இதையும் பிடித்துவிடும்: பட்டியலின் இரண்டு குறிப்புகளுக்கு நடுவே ‘அதனால்’ வந்தால், அவை ஒரே குறிப்பு.

சர்வரின் லினக்ஸ் அமைப்பே எடுக்கும் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டும் இந்தப் பட்டியலில் உட்கார மறுக்கிறது. தானாக எடுக்கப்படுவது 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். ஆனால் அன்று விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் கையால் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். கடைசியில் காப்பாற்றியது அதுதான். இது முழுக்க முழுக்கக் கதைக்குச் சொந்தமான விவரம். ‘தவறு 4’ என்று இதை எப்படி எழுதுவது? இது தவறே இல்லையே.

இவற்றைக் கழித்தால் பட்டியலுக்கு நேர்மையாக மிஞ்சுவது மூன்று. பேக்கப் தோற்கிறது, தோற்றதைச் சொல்ல வேண்டிய அறிவிப்பும் வந்து சேரவில்லை. பாதுகாப்பு வேறொரு சர்வருக்கு இயங்குகிறது, முக்கியமானதற்கு இயங்கவில்லை. மாற்று சர்வரையே பேக்கப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று என்ற எண் பற்றி ஒரு குறிப்பு. சூசான் ஷூ, கர்ட் கார்ல்சன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை எழுத்தாளர்கள் அடிக்கடி துணைக்கு அழைக்கிறார்கள். தன்னைச் சம்மதிக்க வைக்கத்தான் பேசுகிறார்கள் என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்கும்போது, புகழ்ச்சியான கூற்றுகள் மூன்றுவரை நன்றாக எடுபடுகின்றன, நான்காவதில் சந்தேகம் எழுகிறது என்பது அதன் முடிவு. விளம்பர வாசகம் எழுதுகிறவர்களுக்கு அது பயன்படும். தவறுகளின் பட்டியலுக்கு அதை விதியாக நீட்டுவது பொருந்தாது, ஏனென்றால் அங்கே யாரையும் யாரும் புகழவில்லை. கையில் நேர்மையாக நான்கு இருந்தால் நான்கு, இரண்டு இருந்தால் இரண்டு. மூன்றாவதைத் தேடி அலைந்தால் ‘இரவில் வேலை செய்யாதீர்கள்’ மாதிரி ஒன்றுதான் கிடைக்கும்.

பட்டியல் வரைவு

காணொளிக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். ஹூக்கில் ‘தவறு’ என்ற சொல் தேவையா என்பது முதல் கேள்வி. ‘பேக்கப் எடுப்பவர்கள் செய்யும் 3 தவறுகள்’ என்றால், தவறு செய்பவர்கள் வேறு யாரோ என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பேக்கப் ஓடுகிறது என்று நம்புகிறவருக்குத் தான் தவறு செய்வதாகத் தோன்றாது, அதுதான் பிரச்சினையே. ஆகவே அவருடைய நம்பிக்கையைத் தொட்டுத் தொடங்க வேண்டும்:

“உங்கள் பேக்கப் தினமும் ஓடுகிறது. அப்படியும் அது இல்லாமல் போகக்கூடிய 3 இடங்கள் இருக்கின்றன. கிட்லேப் மூன்றிலும் மாட்டியது.”

எண் இருக்கிறது, யாருக்கு என்பது இருக்கிறது, உண்மையான ஆதாரம் இருக்கிறது. ‘இடங்கள்’ என்ற சொல் போய்ப் பார்க்கத் தூண்டுகிறது. ‘தவறுகள்’ என்ற சொல் தற்காத்துக்கொள்ளத் தூண்டியிருக்கும்.

அடுத்து வரிசை. பட்டியலில் வரிசை மாறினாலும் பொருள் கெடாது என்றேன், ஆனால் பார்வையாளர் தங்குவாரா என்பது அதைப் பொறுத்து மாறும். முதல் எண் சலிப்பாக இருந்தால் மீதி இரண்டும் அப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார். மாற்று சர்வர் பேக்கப் ஆகாது என்பது இந்தத் துறையில் பலருக்கும் தெரியும், அதை முதலில் வைத்தால் போய்விடுவார். அறிவிப்பு மின்னஞ்சலே வந்து சேரவில்லை என்பது பலர் யோசித்திராத ஓட்டை. ஆகவே அது முதலில்:

“ஒன்று. பேக்கப் தோற்றால் மின்னஞ்சல் வரும் என்று இருக்கிறீர்கள். கிட்லேப்பிலும் மின்னஞ்சல் போனது, பெறும் சர்வர் அதை ஏற்கவில்லை. பிழைச் செய்தி வரவில்லை என்பதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசி பேக்கப் கோப்பின் தேதியையும் அளவையும் இன்றே திறந்து பாருங்கள்.

“இரண்டு. ஸ்னாப்ஷாட் இயங்குகிறது. எந்த சர்வருக்கு? அவர்கள் கோப்பு சர்வருக்கு இயக்கியிருந்தார்கள், டேட்டாபேஸுக்கு இயக்கவில்லை. ஒவ்வொரு சர்வரின் பெயரையும் எழுதி, எதிரே எது இயங்குகிறது என்று எழுதுங்கள்.

“மூன்று. இன்னொரு சர்வரில் அதே டேட்டா இருக்கிறது என்கிறீர்கள். முதன்மையில் ஒரு வரி டேட்டாவை நீக்கினால் அங்கேயும் அது நீங்கும். அந்தச் சர்வர் பழுதான அன்று உங்களிடம் எஞ்சியது முதன்மை மட்டும்.”

ஒவ்வொரு எண்ணிலும் ஒரு நம்பிக்கை, அது உடைந்த விதம். முதல் இரண்டில் ஒரு செயலும் உண்டு. மூன்றாவதில் செயலை வைக்கவில்லை, காரணம் கீழே.

பட்டியலுக்கு இயல்பான முடிவு கிடையாது. ‘மூன்று’ என்று கேட்டதும் பார்வையாளர் கிளம்பத் தயாராகிவிடுவார். காணொளியின் பார்வைத் தக்கவைப்பு வரைபடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கடைசி எண் சொல்லி முடித்த இடத்தில் கோடு சட்டென்று இறங்கும். அதற்குப் பிறகு வைக்கும் எந்த முக்கியமான செய்தியும் மிகச் சிலருக்குத்தான் போகும். ஆகவே ‘மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்’ என்ற தலையாய செயலை மூன்றாவதுக்குப் பின் வைக்காமல், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் சொல்லிவிடுவது நல்லது.

அதே வரைபடம் வேறொன்றும் சொல்லும். எண் மாறும் இடங்களில் கோடு படிபோல் இறங்குவது பட்டியலுக்கு இயல்பு. ஒரு குறிப்பு வேண்டாம் என்று தோன்றியவர் அங்கே வெளியேறுகிறார், அல்லது அடுத்த எண்ணுக்குத் தாவுகிறார். நடுவே ஓரிடத்தில் கோடு மேலே எழும்பினால் மக்கள் அங்கே திரும்ப வந்து பார்த்திருக்கிறார்கள், அல்லது நேராக அங்கே குதித்திருக்கிறார்கள். அப்படி ஓர் எண் மட்டும் எழும்பி மற்றவை சரிந்தால், உங்களிடம் இருந்தது மூன்று விஷயம் இல்லை, ஒரே விஷயம். அடுத்த முறை அதை மட்டும் விரித்து எழுதலாம். கதையில் இந்தத் தாவல் வேலைக்கு ஆகாது. நடுவில் குதித்து வந்தவருக்கு ஒன்றும் புரியாது, அவர் திரும்பிப் போவார் அல்லது மூடிவிடுவார்.

கதை வரைவு

நீளமான பதிவுக்கு இது. தொடக்கம் எங்கே என்பதுதான் கதையில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு. ஸ்பேம் சுமையில் தொடங்கினால் வாசகர் எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் நான்கு பத்திகள் நடக்க வேண்டும். அழித்த நொடியில் தொடங்கினால் காரணச் சங்கிலியைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டிவரும். எனக்குச் சரியாகப் படுவது கட்டளை மௌனமாக நின்ற இடம்:

“இரவு 11 மணி தாண்டிவிட்டது. `pg_basebackup` கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எதுவும் வரவில்லை. பிழை வந்தாலாவது எதையாவது திருத்தலாம்.”

இங்கிருந்து இரண்டு பத்தியில் பின்னணியைச் சொல்லிவிட்டு முன்னே போகலாம். அழிக்கும் கட்டளை, நிறுத்தம், 4.5 ஜிபி. அதன்பின் பேக்கப்பைத் தேடும் பகுதி வரும்போது, நடையை மாற்றி அந்த மூன்று பழுதுகளையும் எண் போட்டே எழுதலாம். கதைக்குள் ஒரு சிறு பட்டியல். அது உறுத்தாது, ஏனென்றால் அந்த இடத்தில் பொறியாளர்களும் ஒவ்வொன்றாகத்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘ஐந்து வழிகளில் ஒன்றும் இல்லை’ என்ற எண் இங்கே தாராளமாக வரலாம். அது கட்டமைப்பாக வராமல் அதிர்ச்சியாக வருகிறது, ஆகவே ஐந்தையும் விளக்க வேண்டிய கடன் இல்லை.

தலைகீழான கலவை ஆபத்தானது. பட்டியல் ஹூக் போட்டுவிட்டு முதல் எண்ணுக்குள் முழுக் கதையையும் இறக்குவதைப் பலர் செய்கிறார்கள். ஒன்றரை நிமிடத்தில் முதல் எண் ஒரு நிமிடம் தின்றுவிட்டால், மீதி இரண்டும் ஓட்டமாக ஓடும். மூன்றை எதிர்பார்த்து வந்தவர் ஏமாறுவார், கதையில் மூழ்கியவரோ அது நடுவில் அறுந்ததற்கு வருந்துவார். அந்த ஒன்றரை நிமிடத்தை ஹூக்குக்கு 8 நொடி, ஒவ்வோர் எண்ணுக்கும் 22 முதல் 24 நொடி, மீட்டெடுத்துப் பார்க்கும் செயலுக்கு 8 நொடி என்று பிரித்து, எந்த எண்ணும் இந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். தாண்டுகிற எண் கதையாகத் துடிக்கிறது என்று அர்த்தம், அதைப் பதிவுக்கு அனுப்பிவிடலாம்.

கதையின் முடிவு அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த 6 மணி நேர ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கும் வேலை மறுநாள் மாலைவரை நீண்டது, மெதுவான டிஸ்க்குகளிலிருந்து டேட்டாவை நகலெடுக்க வேண்டியிருந்ததால். இடைப்பட்ட மணிகளில் எழுதப்பட்டவை போயின: ஏறத்தாழ 5,000 புராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள். கிட் களஞ்சியங்களில் இருந்த நிரல் தப்பியது. அறிக்கை, கட்டளை கொடுத்தவரின் பெயரைச் சொல்லாமல் ‘குழு உறுப்பினர் 1’ என்றே குறிப்பிடுகிறது. கதையாக எழுதும்போது நாமும் அதையே பின்பற்றலாம். பெயரைத் தேடிப் போட்டால், திரை மௌனமாக நின்றபோது தான் என்ன செய்திருப்போம் என்று வாசகர் யோசிப்பதற்குப் பதிலாக, அவர் யார் என்று தேடத் தொடங்கிவிடுவார்.